படத்தில் திறந்திருக்கும் கதவு

கண்ணில் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியவர்கள் காத்திருந்தார்கள். நான் பக்கத்தில் போனதும் ஒரு பாட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, எல்லாம் மசமசன்னு தெரியுதே, பாத்ரூம் எந்தப் பக்கம்?”

திருமுக்கூடலிலிருந்து கொஞ்ச தூரத்தில், கல்குவாரி லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் சாலையோரத்தில் இருக்கிற ஒரு திருமண மண்டபத்தில் அன்றைக்கு இலவசக் கண் சிகிச்சை முகாம். மண்டபத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான் அங்கே தன்னார்வலர். சீட்டு எழுதுவது, பெரியவர்களைக் கைபிடித்து அழைத்துப் போவது, சொட்டு மருந்து விட்டவர்களை எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் என் வேலை. அந்த மருந்து கண்மணியை விரிய வைக்கும். டாக்டர் உள்ளே பார்க்க அது தேவை. ஆனால் சில மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து புரியாது, வெளிச்சம் கூசும். அந்த ஹாலில் அப்போது நாற்பது பேருக்கு மேல் அந்த நிலையில் இருந்தார்கள்.

பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகும் வழியில்தான் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டம் போட்ட தாள். மேலே ‘அவசரகால வெளியேறும் வழி’ என்று எழுதியிருந்தது. ஹாலின் வரைபடம், பச்சை அம்புக்குறிகள், தீயணைப்பான் மாட்டிய இடங்களில் சிவப்புச் சதுரங்கள். ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்ற புள்ளி சன்னல் வெயிலில் வெளுத்துப் போய் அடையாளம் தெரியவில்லை. அம்புகள் இரண்டு பக்கம் போயின: ஒன்று முன்வாசலுக்கு, இன்னொன்று மேடைக்குப் பின்னால் இருந்த ஒரு கதவுக்கு. பாட்டியை உட்கார வைத்துவிட்டு அந்த இரண்டாவது கதவைத் தேடிப் போனேன். இவர்கள் யாராலும் இந்தப் படத்தைப் படிக்க முடியாது, ஏதாவது நடந்தால் வழி காட்ட வேண்டியது நான்தான் என்பதால் மட்டும்தான் போனேன்.

கதவு இருந்தது. இரட்டைக் கதவு, தாராளமான அகலம். ஆனால் உள்பக்கமே பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கிய நாற்காலிகள். அவற்றை ஒதுக்கிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கித் திறந்தால், நாலடி தள்ளி ஒரு இரும்பு கிரில் கேட், அதில் பூட்டு. கிரில் வழியாக எட்டிப் பார்த்தேன். மண்டபத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் ஜெனரேட்டர் உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டி, பிற்பாடு நீட்டிக் கட்டிய சாப்பாட்டுக் கூடத்தின் சுவர் பாதிச் சந்தை விழுங்கியிருந்தது. மிச்சமிருந்த இடத்தில் சமையலுக்கான வணிக கேஸ் சிலிண்டர்கள், 19 கிலோ கொள்ளளவு, ஆறு நின்றன.

நெருப்பிலிருந்து தப்பி ஓடச் சொல்லிப் படம் காட்டிய அம்பு, கேஸ் சிலிண்டர்களிடம் கொண்டுபோய் விட்டது.

*

கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். முகாம் முடிந்து வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்ததில் கதை தெரிந்தது. மண்டபம் கட்டியபோது அந்தச் சந்து காலியாகத்தான் இருந்திருக்கிறது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றுக்காக ஒரு ஏஜென்சிக்காரர் வந்து அளந்து படம் வரைந்து மாட்டினார். அன்றைக்கு அந்தப் படம் உண்மை. பிறகு பந்திக்கு இடம் போதவில்லை என்று கூடத்தை நீட்டினார்கள். மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டர் வந்தது. பின்பக்கமாகப் பாத்திரம் காணாமல் போகிறது என்று கிரில் போட்டார்கள். நாற்காலி கடைசியாக வந்தது, வேறு இடம் இல்லாததால். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. படத்தை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதே மாதிரி ஒரு வரலாறுதான் டெல்லி உப்ஹார் தியேட்டருக்கும். 1997 ஜூன் 13 அன்று ‘பார்டர்’ படம் ஓடிக்கொண்டிருந்தபோது, தரைத்தள வாகன நிறுத்தத்தில் இருந்த மின்வாரிய டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்தது. அன்று காலையில்தான் அதைப் பழுது பார்த்திருந்தார்கள். தீ மேலே ஏறவில்லை, புகை ஏறியது. மாடிப்படிக் கிணறு புகைபோக்கியாக மாறிப் புகையை பால்கனிக்குக் கொண்டு சேர்த்தது. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

பால்கனியில் வலது பக்கம் ஒரு நடைவழியும், அதன் முடிவில் ஒரு வெளிவாசலும் முதலில் இருந்தன. எழுபதுகளில் டிக்கெட் விலையைக் குறைத்த அரசு, அதற்கு ஈடாகக் கூடுதல் இருக்கை போட்டுக்கொள்ள அனுமதி தந்தது. அப்போது வலது நடைவழியில் நாற்காலிகள் ஏறின. பிறகு அந்தப் பக்கத்து வாசலை மறைத்து எட்டு பேர் உட்காரும் தனி பாக்ஸ் ஒன்று வந்தது. இவை எதுவும் திருட்டுத்தனமாக இரவில் நடந்தவை இல்லை; அதிகாரிகளின் அனுமதியோடும், கண் முன்னாலும் நடந்தவை. வாசல் மறைந்த நாளிலிருந்து தீப்பிடித்த நாள் வரை ஏறக்குறைய இருபது வருடம் காட்சிகள் ஓடின, ஆய்வுகள் நடந்தன, உரிமம் தொடர்ந்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் சங்கம் அமைத்து வழக்கு நடத்தியதில்தான் அந்த மூடிய வாசல் நீதிமன்றத் தீர்ப்புகளில் இடம்பெற்றது.

நம் மாநிலத்தில் திருமண மண்டபம் என்றதும் ஸ்ரீரங்கம் நினைவுக்கு வராமல் போகாது. 2004 ஜனவரி 23. மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீ. இறங்குவதற்குக் குறுகலான வழி. மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனார்கள். கீற்று வேண்டாம் என்ற பாடத்தை நாம் படித்துக்கொண்டோம். இன்று பெரும்பாலான மண்டபங்கள் கான்கிரீட். இரண்டாவது வழி வேண்டும் என்ற பாடத்தைத்தான் பாதியோடு விட்டிருக்கிறோம். காகிதத்தில் வழி வைக்கிறோம்.

*

கடிதம் எழுதும் முன் அளக்க நினைத்தேன். டேப் தேவைப்படவில்லை. தரையில் பதித்திருந்தது இரண்டடி டைல்ஸ், அதாவது 60 செ.மீ. நீளவாக்கில் நாற்பது, அகலவாக்கில் இருபது. ஆக ஹால் 24 மீட்டருக்கு 12 மீட்டர். 288 சதுர மீட்டர்.

நாற்காலி போட்ட கூட்ட அரங்கில் ஆளுக்கு 0.6 சதுர மீட்டர் என்று கணக்கிடச் சொல்கிறது 2016-ன் தேசியக் கட்டட நெறிமுறை. அப்படியானால் இந்த ஹாலில் 480 பேர் இருக்கலாம். முகூர்த்த நாளில் இருக்கவும் செய்கிறார்கள். இத்தனை பேரும் வெளியேற எவ்வளவு அகலக் கதவு வேண்டும் என்பதற்கும் அதே நெறிமுறையில் கணக்கு உண்டு: படியில்லாத சமதள வழியானால் ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர். முன்வாசல் 2 மீட்டர். அது 307 பேரைத் தாங்கும். பின்கதவும் 2 மீட்டர், இன்னொரு 307. இரண்டும் திறந்திருந்தால் 614 பேர் வரை போகலாம், 480 பேருக்குத் தாராளம். பின்கதவைக் கழித்துவிட்டால் 173 பேருக்குக் கதவு இல்லை. முன்வாசலிலேயே தீ என்றால் ஒருவருக்கும் இல்லை.

இன்னொன்றையும் சோதித்தேன். முகாமில் அந்தப் பாட்டியோடு ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தபோது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். தடி ஊன்றி, என் கையைப் பிடித்துக்கொண்டு, 24 மீட்டர் நடக்க அவருக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆயிற்று. அம்பை நம்பி பின்கதவுக்குப் போய், அது மூடியிருப்பதைக் கண்டு, திரும்பி முன்வாசலுக்கு வர மேலும் ஒரு நிமிடம். ஆனால் திரும்ப முடியாது என்பதுதான் நிஜம். பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் கதவு மூடியிருப்பது தெரியாது; அவர்கள் தள்ளிக்கொண்டே வருவார்கள். புகை முதலில் கூரையை நிரப்பும், பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அந்த இரண்டு நிமிடத்தில் அது தலைமட்டத்துக்கு வந்துவிடலாம்.

ஆகவே தவறான படம், படமே இல்லாததைவிட மோசம். படம் இல்லாத இடத்தில் மனிதர்கள் தாங்கள் உள்ளே வந்த வாசலைத்தான் தேடி ஓடுவார்கள். அங்கே நெரிசலாகலாம், ஆனால் வாசல் திறந்திருக்கும். படத்தைப் படித்து வைத்திருக்கும் பொறுப்பான ஆளோ நாலு பேரைக் கையோடு கூட்டிக்கொண்டு மூடிய பக்கம் போவார். அந்த முகாமில் அப்படிப் போகக்கூடிய ஆள் நான்தான்.

*

கடிதத்தை யாருக்கு எழுதுவது? மண்டபத்தின் உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். தினமும் அங்கே இருந்து சாவி வைத்திருப்பவர் மேலாளர். ஜெனரேட்டரை நகர்த்த அவருக்கு அதிகாரம் கிடையாது, நாற்காலியை நகர்த்த உண்டு. அதனால் அவர் பெயருக்கே எழுதினேன், அவர் அப்படியே முதலாளியிடம் எடுத்துப் போய்க் காட்டும்படி எழுதினேன். குற்றம் சாட்டும் கடிதத்தை எந்த மேலாளரும் முதலாளியிடம் காட்டமாட்டார். மேசை இழுப்பறைக்குள் போய்விடும். கடிதம் இது:

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மண்டபத்தில் நடந்த கண் சிகிச்சை முகாமில் தன்னார்வலராகப் பணியாற்றினேன். முகாமுக்கு நீங்கள் செய்து கொடுத்த வசதிகளுக்கு நன்றி.

ஹாலின் மேற்குச் சுவரில் மாட்டியுள்ள அவசரகால வெளியேறும் வழிப் படத்தில், மேடைக்குப் பின்னால் உள்ள இரட்டைக் கதவு வெளிவாசலாகக் காட்டப்பட்டுள்ளது. முகாம் அன்று பிற்பகல் அந்த வழியில் நான் நடந்து பார்த்தேன். கதவின் உள்பக்கம் நாற்காலிகள் அடுக்கப்பட்டுள்ளன. கதவுக்கு வெளியே கிரில் கேட் பூட்டப்பட்டுள்ளது. அதற்கப்பால் சந்தில் ஜெனரேட்டரும் கேஸ் சிலிண்டர்களும் உள்ளன. சாப்பாட்டுக் கூடத்தின் சுவர் சந்தைக் குறுக்கியுள்ளது. எனவே அந்தக் கதவின் வழியாக இப்போது யாரும் சாலைக்குப் போக முடியாது. அப்போது எடுத்த நான்கு புகைப்படங்களை இணைத்திருக்கிறேன்.

தங்களிடம் கேட்டுக்கொள்வது:

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, படத்தில் அந்தக் கதவுக்குப் போகும் அம்புக்குறிகள் மேல் ‘இந்த வழி தற்போது இல்லை’ என்று எழுதி ஒட்டுங்கள். நாற்காலிகளை அன்றே எடுத்துவிடுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு முன் கிரில் பூட்டை நீக்கி, சிலிண்டர்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஜெனரேட்டரை நகர்த்தும் முடிவு உரிமையாளருடையது என்பதை அறிவேன். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஹாலில் 300 பேருக்கு மேல் அனுமதிக்க வேண்டாம். வழி சரியான பிறகு படத்தைப் புதிதாக வரைந்து, வரைந்த தேதியோடு மாட்டுங்கள். கதவை நிரந்தரமாக மூடுவதென்றால், படத்திலிருந்து அதை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. வேறொரு இரண்டாவது வெளிவாசல் வேண்டும், அதைத் தீயணைப்புத் துறையிடமும் தெரிவிக்க வேண்டும்.

அடுத்த மாத முகாமும் இங்கேயே நடத்த விரும்புகிறோம். அதற்குள் ஒரு நாள் வந்து தங்களோடு அந்த வழியில் நடந்து பார்க்க அனுமதி வேண்டும்.”

இரண்டு பிரதி எடுத்துப் போனேன். ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவரை மாட்டிவிடுவதற்காக அதைச் செய்யவில்லை. முதலாளி ‘எனக்கு யாரும் சொல்லவில்லையே’ என்று சொல்ல முடியாமல் போவது மேலாளருக்கும் ஒரு பாதுகாப்பு. இதை அவரிடமே சொன்னேன். தலையாட்டினார்.

300 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மீட்டர் முன்வாசல் தாங்குவது 307 என்பதால் அந்த எண். ஆனால் ஒரே வாசலோடு 300 பேர் இருக்கலாம் என்று எந்த நெறிமுறையும் சொல்லவில்லை; கூட்டம் கூடும் இடத்துக்கு ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் இரண்டு வழியாவது வேண்டும். 300 என்பது சில நாட்களுக்கான தற்காலிக ஏற்பாடு. கடிதத்தில் இதை இன்னும் அழுத்தமாக எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

*

மறுநாளே மேலாளர் போன் செய்தார். நல்ல மனிதர். “அம்மா, லெட்டரைப் படிச்சேன். நீங்க சொல்றது நியாயம்தான். அந்தப் படம் போட்டவன்கிட்டயே சொல்லி, அந்தப் பின்பக்கத்து அம்பை மட்டும் எடுத்துட்டு வேற பிரின்ட் போட்டுடறேன். முந்நூறு ரூபா சமாச்சாரம். சரியாயிடும்ல?”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். படம் தப்பு, படத்தைத் திருத்திவிட்டால் சரி என்று யாருக்கும் தோன்றும். என் கடிதத்தின் தலைப்பே ‘படத்தைத் திருத்தக் கோருதல்’ என்றுதான் இருந்தது. ஆனால் அம்பை எடுத்துவிட்ட படம் பொய் சொல்லாது, அவ்வளவுதான். 173 பேருக்குக் கதவு இல்லாதது அப்படியே இருக்கும். அதைவிட மோசம், அப்படி ஒரு கதவு ஒரு காலத்தில் இருந்தது, இருக்க வேண்டும் என்பதற்கான கடைசிச் சாட்சியும் சுவரிலிருந்து போய்விடும். பழைய படம் தப்பாக இருந்ததால்தானே நான் பின்கதவைத் தேடிப் போனேன்? ஒரே வாசலைக் காட்டும் ‘சரியான’ படத்தைப் பார்த்திருந்தால் அப்படியே கடந்து போயிருப்பேன்.

“தம்பி, இன்னிக்கு அம்பு மேல பேப்பர் ஒட்டுங்க, அது அவசரத்துக்கு. ஆனா திருத்த வேண்டியது கதவை. கதவு திறந்தப்புறம் பழைய படமே சரியாயிடும்.”

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாத்திரம் போயிடும்மா” என்றார். அது அவருக்கு உண்மையான கவலை. அண்டா ஒன்று காணாமல் போனால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

திருட்டுப் பயத்தில் பூட்டிய கதவுக்கு உலகம் அறிந்த ஒரு கணக்கு இருக்கிறது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது ஒன்பதாம் மாடியின் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிக்க எல்லோரையும் ஒரே வழியாக அனுப்புவது அங்கே வழக்கம். 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். அந்தக் கதையை மேலாளரிடம் சொல்லவில்லை. பயமுறுத்தினால் வேலை நடக்காது. அவர் கவலைக்கு ஒரு பதில்தான் தேவைப்பட்டது, அது பெரிய ஆஸ்பத்திரிகளிலும் மால்களிலும் ஏற்கெனவே இருக்கிறது: கதவின் உள்பக்கம் இடுப்புயரத்தில் குறுக்கே ஒரு கம்பி. பேனிக் பார் என்பார்கள். உள்ளேயிருந்து உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும். சாவி வேண்டாம், தாழ்ப்பாள் தேட வேண்டாம், கண் தெரிய வேண்டாம். வெளியேயிருந்து இழுத்தால் திறக்காது. கதவு திறந்தால் கத்துகிற பேட்டரி அலாரம் ஒன்றையும் மாட்டிவிட்டால், அண்டாவைத் தூக்கிக்கொண்டு யாரும் சத்தமில்லாமல் போக முடியாது. பூட்டைவிட இது நல்ல காவல், ஏனென்றால் சமையல் ஆட்கள் இருக்கும் நேரத்தில் பூட்டு எப்படியும் திறந்துதான் கிடக்கும்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். “இதைச் சொன்னா ஓனர் கேப்பாரு” என்றார்.

*

மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தேன். நாற்காலிகள் இல்லை. கிரில் கேட்டையே எடுத்துவிட்டிருந்தார்கள். சிலிண்டர்கள் சமையல்கட்டுக்கு மறுபுறம் ஒரு கம்பிக்கூண்டுக்குப் போயிருந்தன. ஜெனரேட்டரை மதிலோரம் ஒரு மேடை கட்டி நகர்த்த முதலாளி ஒத்துக்கொண்டு, அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் சுவர் நகரவில்லை, நகராது. அந்த இடத்தில் சந்தின் அகலம் இப்போது ஒரு மீட்டர் பத்து செ.மீ. கதவு இரண்டு மீட்டர் என்றாலும் வழியின் மிகக் குறுகலான இடம்தான் கணக்கு. 1,100 மில்லிமீட்டரை 6.5-ஆல் வகுத்தால் 169 பேர். முன்வாசல் 307-ஐயும் சேர்த்தால் 476. நாற்காலிக் கணக்கின்படி வந்த 480-க்கு நாலு பேர் குறைவு. ஹாலில் ஒரு வரிசை நாற்காலியைக் குறைத்துப் போடுவதென்று முடிவாகியிருக்கிறது.

மேலாளரும் நானும் படத்தில் வெளுத்துப்போன புள்ளியிலிருந்து கிளம்பி, அம்பு சொன்னபடி நடந்தோம். கதவைத் தள்ளி, சந்தைக் கடந்து, மதிலின் பக்கவாட்டு கேட் வரை. அந்த கேட்டிலும் ஒரு பூட்டு தொங்கியது. அதை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை, ஜெனரேட்டர் மறைத்துக்கொண்டிருந்தது. கதவைத் தாண்டியதும் தப்பிவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது. சாலையிலோ திறந்தவெளியிலோ கால் வைக்கும்வரை அந்த வழி முடியவில்லை. மேலாளர் அங்கேயே நின்று வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பூட்டைக் கழற்றச் சொன்னார்.

நடக்கும்போது இன்னொரு தப்பும் தெரிந்தது. அதே படத்தின் இன்னொரு பிரதி எதிர்ச்சுவரிலும் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு, படத்தில் இடதுகைப் பக்கம் இருக்கும் மேடை நிஜத்தில் வலதுகைப் பக்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட படங்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 23601, பார்ப்பவரின் இடது படத்திலும் இடதாகவே இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஒரே படத்தை இரண்டு சுவரிலும் மாட்ட முடியாது. எதிர்ச்சுவருக்கு அதையே தலைகீழாகத் திருப்பி, எழுத்துகளை மட்டும் நேராக்கி, தனியாக வரைய வேண்டும். அவசரத்தில் மனதுக்குள் படத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கும் சேர்த்து ஆர்டர் கொடுப்பதாகச் சொன்னார்.

எங்கள் வட்டாரத்தில் சுவரில் எழுதி வைப்பதற்கு ஆயிரம் வருடப் பழக்கம். திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஒரு ஆதுலர்சாலையில், அதாவது நோயாளிகளின் விடுதியில், யார் யார் வேலை செய்ய வேண்டும், நோயாளிக்கு எவ்வளவு அரிசி என்பதுவரை அதில் உண்டு. உத்திரமேரூரில் குடவோலை விதிகளை 919-ல் கல்லில் வெட்டினார்கள். இரண்டே வருடத்தில் அதில் குறை கண்டு, 921-ல் திருத்திய விதிகளை மறுபடி வெட்டினார்கள். கல்லில் இருந்ததையே இரண்டு வருடத்தில் திருத்தியிருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட தாளைத் திருத்த நாம் பத்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்குப் போகும்போது, பந்தி கூப்பிடும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சுவரில் அந்தப் படம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது காட்டும் இரண்டாவது வழியில், தெருவில் கால் படும் வரை நடந்து பாருங்கள். சாவி கேட்காமல் ஒவ்வொரு கதவும் திறக்கிறதா, ஆட்களின் பக்கம் இல்லாமல் வெளிப்பக்கமாகத் திறக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லையென்றால் மேலே இருக்கும் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திசையையும் கதவையும் மாற்றி எழுதினால் போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் அந்தக் கையெழுத்துப் பிரதியோடு பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போங்கள்.